ரவுண்டு ஆஃப் கணக்கில் 236 ரூபாய்: சப்ளையர் பில்லைச் சரிபார்க்க எழுதிய சிறிய நிரல்

திண்டுக்கல்லில் ஒரு ஹார்டுவேர் கடைக்குக் கணக்கு எழுதுகிறேன். பைப், ஃபிட்டிங்ஸ், ஒயர், ஒயிட் சிமென்ட், மண்வெட்டி என்று கொள்முதல் பில் மாதம் இருநூறுக்குக் குறையாது. பெரிய கம்பெனி பில்கள் ஒழுங்காக வரும். சின்ன மொத்த வியாபாரிகளில் சிலர் இன்னும் எக்செல்லில்தான் பில் போடுகிறார்கள், ஓரிருவர் கையால் எழுதுகிறார்கள்.

போன வருடம் ஆகஸ்டில் டேலியில் ரவுண்டு ஆஃப் லெட்ஜரைத் திறந்து பார்த்தேன். பில் தொகையை முழு ரூபாயாக்கும்போது விழும் பைசாவை அந்தக் கணக்கில்தான் போடுவோம். ஒரு பில்லுக்கு அதிகபட்சம் ஐம்பது பைசா, கூடவோ குறையவோ. ஆனால் அங்கே ஒரே பதிவில் 236.00 என்று நின்றது. ஜிஎஸ்டி கணக்கு பார்ப்பவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே புரிந்துவிடும்: 200 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் 36 ரூபாய். பில்லை எடுத்துப் பார்த்தால், ஒரு பால் வால்வு ஐட்டத்தின் தொகை 200 ரூபாய் கூடுதலாக அச்சாகியிருந்தது. டேலி அளவையும் விலையையும் தானே பெருக்கிக்கொள்வதால் சரியான தொகைதான் அங்கே வந்திருக்கிறது. கடைசியில் பில் மொத்தத்தோடு ஒத்துப்போகாததால், என்ட்ரி போடும் தம்பி வித்தியாசத்தை ரவுண்டு ஆஃபில் தள்ளி பில்லை முடித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. காகிதத்தில் இருக்கும் மொத்தம் வரவேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

அதிலிருந்து ஒன்று தெளிவானது. பில்லைச் சரிபார்ப்பதும் பில்லை என்ட்ரி போடுவதும் ஒரே வேலையாக இருக்கக் கூடாது. என்ட்ரி போடும் மென்பொருள் தானே பெருக்கி, தானே வரி போட்டுக்கொள்ளும். பில்லில் அச்சான தவறு அதன் கண்ணில் படவே படாது. அதனால் டேலிக்குப் போகும் முன், காகிதத்தில் இருப்பதை அப்படியே ஒரு எக்செல் தாளில் ஏற்றி, பைத்தானில் ஒரு சிறிய நிரலால் சோதிப்பது என்று முடிவு செய்தேன். மூன்று கேள்விகள் போதும் என்று வைத்துக்கொண்டேன்: ஒவ்வொரு ஐட்டத்தின் தொகையும் பெருக்கலுக்குச் சரியா, வரி விகிதம் அந்தப் பொருளுக்கும் அந்தத் தேதிக்கும் உரியதா, இந்த பில் ஏற்கனவே நம்மிடம் வந்ததா.

ஒரு வார்த்தை விளக்கம்: இந்தப் பதிவில் 'வரி' என்றால் டேக்ஸ் மட்டும்தான். பில்லில் ஒரு பொருளுக்கு உரிய கோட்டை 'வரிசை' என்று எழுதுகிறேன். இரண்டையும் வரி என்று எழுதினால் நானே குழம்பிவிடுகிறேன்.

எக்செல் தாளுக்கு ஒரே விதி: எந்தக் கட்டத்திலும் ஃபார்முலா இருக்கக் கூடாது. அளவு, விலை, தள்ளுபடி, வரிக்கு முந்தைய தொகை, வரி விகிதம், வரித் தொகை, அடியில் உள்ள மொத்தங்கள் எல்லாம் காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுவே. தொகைக் கட்டத்தில் பெருக்கல் ஃபார்முலா போட்டுவிட்டால் தவறு அந்த இடத்திலேயே மறைந்துவிடும், பிறகு நிரலுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது.

முதலில் பெருக்கல். கேட்க எளிது, ஆனால் எனக்கு அதிக நேரம் எடுத்தது இதுதான். பைப் வியாபாரத்தில் தள்ளுபடியை 30+5 என்று எழுதுவார்கள். அது 35 சதவீதம் இல்லை. முதலில் 30 கழித்து, மிச்சத்தில் 5 கழிக்க வேண்டும், ஆக மொத்தம் 33.5 சதவீதம். இது எனக்குத் தெரியாததல்ல. இருந்தும் முதல் முறை எழுதும்போது கூட்டல் குறியைப் பார்த்துக் கூட்டிவிட்டேன். விளைவு, ஒழுங்கான பைப் பில் அத்தனையும் தவறு என்று வந்து நின்றது. திருத்திய பிறகு இப்படி ஆனது:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
P = Decimal("0.01")

def paise(x):
    return x.quantize(P, rounding=ROUND_HALF_UP)

def line_value(qty, rate, discs):
    v = qty * rate
    for d in discs:
        v -= v * d / 100
    return paise(v)
```

`Decimal` எதற்கு என்றால், பைத்தானின் சாதாரணத் தசம எண்கள் பைசாவைத் துல்லியமாக வைத்துக்கொள்ளாது. `round(2.675, 2)` என்று கொடுத்தால் 2.68 வராது, 2.67 தான் வரும். `Decimal` போட்டாலும் இன்னொரு பொறி இருக்கிறது. அது சொல்லாமலே செய்யும் முழுமையாக்கல் நம் கடைத்தெரு வழக்கம் இல்லை. சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகில் உள்ள இரட்டைப்படை எண்ணுக்கு இழுக்கும். டெஃப்லான் டேப் 9 உருளை, ஒன்று 12.50, மொத்தம் 112.50. அதற்கு 9 சதவீதம் சிஜிஎஸ்டி 10.125. பில் போடும் எவரும் 10.13 என்றுதான் போடுவார். பைத்தானைச் சும்மா விட்டால் 10.12 என்று சொல்லும். `ROUND_HALF_UP` என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

அடுத்த சிக்கல், சிலர் தள்ளுபடி போக நிகர விலையை முதலில் பைசாவுக்கு முழுமையாக்கிவிட்டு, பிறகுதான் அளவால் பெருக்குகிறார்கள். ஒரு எல்போ விலை 23.75, தள்ளுபடி 30+5. நிகர விலை 15.79375. அதை 15.79 ஆக்கி 400 எண்ணிக்கையால் பெருக்கினால் 6,316.00. முழுமையாக்காமல் பெருக்கினால் 6,317.50. ஒன்றரை ரூபாய் வித்தியாசம், இரண்டுமே நேர்மையான கணக்கு. இதைக் கண்டதும் 'ரெண்டு ரூபாய் வரை விட்டுவிடலாம்' என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். ஒரு ரூபாய், ரெண்டு ரூபாய் என்று உண்மையாகவே கூடுதலாகப் போட்ட பில்லும் அந்த ஓட்டையில் நழுவிவிடும். நான் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, ஏதாவது ஒன்றோடு பைசா சுத்தமாக ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் தவறு என்று வைத்தேன். எந்த சப்ளையர் எந்த வழியில் போடுகிறார் என்பது ஒரு மாதத்தில் பழகிவிடும்.

வரி விகிதத்துக்கு வருவோம். இதற்குச் சரியான நேரத்தில் ஒரு பெரிய சோதனை வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. எங்களுக்கு முக்கியமானது சிமென்ட்: 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. ஒயிட் சிமென்டும் அதே 2523 என்ற ஹெச்எஸ்என் தலைப்பில்தான் வருகிறது.

அதற்கு முன்பு நான் வைத்திருந்தது வெறும் பட்டியல்: ஹெச்எஸ்என் ஒரு பக்கம், விகிதம் ஒரு பக்கம். 22-ஆம் தேதி காலையில் 28-ஐ அழித்து 18 என்று போட்டேன். 25-ஆம் தேதி, முந்தைய வாரத்து பில்களை ஓட்டியபோது சிமென்ட் பில் ஒவ்வொன்றும் தவறு என்று சிவப்பில் வந்தது. 19-ஆம் தேதி போட்ட பில்லில் 28 இருப்பதுதான் சரி. பில் நம் கைக்கு என்று வந்தது, நாம் என்று என்ட்ரி போடுகிறோம் என்பதெல்லாம் கணக்கே இல்லை. பட்டியலில் விகிதத்தோடு அது எந்தத் தேதியிலிருந்து என்பதும் சேர்ந்தே இருக்க வேண்டும், பழையதை அழிக்கவே கூடாது:

```python
from datetime import date

RATES = {
    "2523": [(date(2017, 7, 1), 28), (date(2025, 9, 22), 18)],
    "8201": [(date(2017, 7, 1), 0)],
}

def rate_on(hsn, day):
    for n in range(len(hsn), 1, -1):
        hist = RATES.get(hsn[:n])
        if hist:
            ok = [r for start, r in hist if start <= day]
            return ok[-1] if ok else None
    return None
```

ஹெச்எஸ்என்னை நீளத்திலிருந்து குறைத்துக்கொண்டே தேடுவதற்குக் காரணம் உண்டு. ஐந்து கோடி வரை விற்றுமுதல் உள்ளவர் பில்லில் நான்கு இலக்கம் போட்டால் போதும், அதற்கு மேல் உள்ளவர் ஆறு இலக்கம் போட வேண்டும், சிலர் எட்டும் போடுகிறார்கள். ஒரே ஒயிட் சிமென்ட் ஒருவரிடம் 2523, இன்னொருவரிடம் 252321. பட்டியலில் இல்லாத ஹெச்எஸ்என் வந்தால் நிரல் எதையும் ஊகிக்காது. 'விகிதம் தெரியவில்லை' என்று தனியாகச் சொல்லும். நாம் பார்த்துப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

விகிதம் மாறும் நாளைச் சுற்றி உள்ள பில்களில் பில் தேதி மட்டும் எல்லாவற்றையும் தீர்மானிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். சரக்கு போன நாள், பில் போட்ட நாள், பணம் கொடுத்த நாள் ஆகிய மூன்றில் எந்த இரண்டு மாற்றத்துக்கு ஒரே பக்கம் விழுகிறதோ, அந்தப் பக்கத்து விகிதம்தான் பொருந்தும் என்பதே சிஜிஎஸ்டி சட்டம் 14-ஆம் பிரிவின் சாரம். 20-ஆம் தேதி சரக்கு இறங்கி, 24-இல் பில் போட்டு, பணமும் பிறகுதான் கொடுத்தோம் என்றால் புது விகிதம். 20-ஆம் தேதியே சரக்கும் வந்து பணமும் கொடுத்திருந்தால், பில் 24 என்று இருந்தாலும் பழைய விகிதம். இதை நிரலில் எழுதப் போகவில்லை. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் பத்து நாள் பில்லில் விகிதத் தவறு வந்தால் அதன் பக்கத்தில் 'தேதிகளைப் பார்' என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்த்தேன். மூன்று தேதியையும் மனிதர் பார்த்தே முடிவு செய்யட்டும்.

இந்தச் சோதனையின் எல்லையும் ஒரு மண்வெட்டியால்தான் தெரிந்தது. கைக்கருவிகளில் மண்வெட்டி வகையறா விவசாயக் கருவிகள் 8201-இல் வரும், வரி கிடையாது. ஒரு பில்லில் மண்வெட்டியை 8205 என்று போட்டு 18 சதவீதம் வாங்கியிருந்தார்கள். 8205-க்கு 18 சரிதான். நிரல் பேசாமல் கடந்துவிட்டது. ஹெச்எஸ்என்னுக்கு விகிதம் பொருந்துகிறதா என்று அது பார்க்கும். பொருளுக்கு ஹெச்எஸ்என் பொருந்துகிறதா என்று அதற்குத் தெரியாது. இதற்கு எங்கள் கடையின் ஐட்டம் பட்டியலில் நாங்களே ஒரு ஹெச்எஸ்என் எழுதி வைத்து, பில்லில் உள்ளதன் முதல் நான்கு இலக்கத்தோடு ஒப்பிட வேண்டியதாயிற்று. எண்ணூறு ஐட்டத்துக்கு அதை எழுதி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆனது.

இனி இந்தப் பதிவை எழுதத் தூண்டிய பில். மதுரையிலிருந்து ஒரு மொத்த வியாபாரி, 26-9-2025 தேதியிட்டு அனுப்பியது. நான்கே வரிசை, ஹெச்எஸ்என்னையும் வரிசைக்கு உரிய வரித் தொகையையும் இங்கே காட்டவில்லை:

```
1  பிவிசி பைப் 1 இஞ்ச்    40 x  412.00  (30+5)  10959.20  18%
2  சிபிவிசி எல்போ        150 x   18.50  (20)     2220.00  18%
3  ஒயிட் சிமென்ட் 5 கிலோ   60 x  140.00           8400.00  28%
4  ஒயர் 90 மீட்டர் காயில்   12 x 1865.00          23280.00  18%
   வரிக்கு முந்தைய மொத்தம்                       44859.20
   சிஜிஎஸ்டி                                      4457.33
   எஸ்ஜிஎஸ்டி                                     4457.33
   ரவுண்டு ஆஃப்                                      0.14
   பில் மொத்தம்                                  53774.00
```

நிரலின் முதல் வடிவம் இதற்குப் பத்து தவறுகளைக் கொட்டியது. முதல் வரிசையில் தொகையும் வரியும் தவறாம். அது என் 30+5 கோளாறு. மூன்றாவதில் விகிதமும் வரியும். நான்காவதில் தொகையும் வரியும். அதற்குக் கீழே வரிக்கு முந்தைய மொத்தம், சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி, பில் மொத்தம் நான்கும். இந்தப் பட்டியலை அப்படியே சப்ளையருக்கு அனுப்பியிருந்தால், பத்தில் எதை முதலில் பார்ப்பது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் சொல்லத் தெரியாது. உண்மையில் அந்த பில்லில் இருப்பது இரண்டே தவறு. மற்றவை என் 30+5 கோளாறும் அந்த இரண்டின் நிழல்களும்தான்.

நிழல் எப்படி விழுகிறது என்று யோசித்தபோதுதான் நிரலின் போக்கே மாறியது. நான்காவது வரிசையின் தொகையை நானே 22,380 என்று கணக்கிட்டு, அந்தச் சரியான தொகையை வைத்தே வரியையும், பிறகு மொத்தத்தையும் கணக்கிட்டுக்கொண்டு போயிருந்தேன். ஒரு இடத்தில் பிரிந்த பாதை கடைசி வரை பிரிந்தே போகும். அதற்குப் பதிலாக ஒவ்வொரு படியிலும் அச்சான எண்ணையே எடுத்துக்கொண்டு, அடுத்த அச்சான எண்ணுக்கு அது சரியாகப் போய்ச் சேர்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். தொகை 23,280 என்றால், அது பெருக்கலுக்குத் தவறு என்று ஒரு முறை சொல்லிவிட வேண்டும். பிறகு 23,280-க்கு 18 சதவீதம் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். விகிதம் 28 என்றால் அதைத் தவறு என்று சொல்லிவிட்டு, 8,400-க்கு 28 சதவீதம் கணக்கு சரியா என்று பார்க்க வேண்டும். கூட்டலையும் அச்சான எண்களைக் கூட்டியே பார்க்க வேண்டும்.

```python
def check_lines(inv):
    out = []
    for i, ln in enumerate(inv.lines, 1):
        want = line_value(ln.qty, ln.rate, ln.discs)
        if ln.value not in (want, net_rate_value(ln)):
            out.append((i, "தொகை", ln.value, want))
        r = rate_on(ln.hsn, inv.date)
        if r is None:
            out.append((i, "விகிதம் தெரியவில்லை", ln.pct, None))
        elif r != ln.pct:
            out.append((i, "விகிதம்", ln.pct, r))
        tax = paise(ln.value * ln.pct / 100)
        if abs(tax - ln.tax) > P:
            out.append((i, "வரி", ln.tax, tax))
    return out
```

`net_rate_value` என்பது முன்பு சொன்ன இரண்டாவது வழிக் கணக்கு. எங்கும் நடுவில் நிற்காமல் எல்லாவற்றையும் சேர்த்துத் திருப்பித் தருகிறது என்பதைக் கவனியுங்கள். முதல் தவறைக் கண்டதும் நின்றுவிட்டால், சப்ளையருக்கு இன்று ஒரு போன், அவர் திருத்தி அனுப்பியதும் நாளைக்கு இன்னொரு போன் என்று ஆகும். வரித் தொகையில் ஒரு பைசா வரை விடுவதற்குக் காரணம் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி இரண்டையும் தனித்தனியாக முழுமையாக்குவது. அந்த டெஃப்லான் டேப்பில் 10.13 இரண்டு முறை சேர்ந்து 20.26 ஆகிறது, 18 சதவீதம் நேராகப் போட்டால் 20.25. அடியில் உள்ள மொத்த வரிக்கு இதே காரணத்தால் வரிசைக்கு ஒரு பைசா வீதம் விடுகிறேன். அதற்கு மேல் ஒரு பைசா கூட இல்லை.

புது வடிவம் அதே பில்லுக்குச் சொன்னது இவ்வளவுதான்:

```
3  விகிதம்  28        18
4  தொகை    23280.00  22380.00
```

நான்காவதைப் பார்த்ததும் கணக்கு எழுதுபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வித்தியாசம் 900, ஒன்பதால் வகுபடுகிறது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். 22380-இல் இரண்டாவது 2-ம் 3-ம் இடம் மாறினால் 23280. யாரோ கையால் அடித்திருக்கிறார்கள். ஆனால் அந்த 'யாரோ' நம் தம்பியாகவும் இருக்கலாம். அதனால் நிரல் எதைச் சொன்னாலும் முதலில் காகிதத்தை எடுத்துப் பார்ப்பேன். அதற்குப் பிறகுதான் போன். இந்த முறை காகிதத்திலேயே 23,280 இருந்தது.

சரியான பில் எவ்வளவு என்று கையால் போட்டுப் பார்த்தேன். வரிக்கு முந்தைய மொத்தம் 43,959.20. எல்லாம் 18 சதவீதம் என்பதால் சிஜிஎஸ்டி 3,956.33, எஸ்ஜிஎஸ்டியும் அதே. கூட்டினால் 51,871.86, முழுமையாக்கினால் 51,872. அச்சான 53,774-க்கும் இதற்கும் 1,902 ரூபாய் வித்தியாசம். அதில் ஒயரின் 900-ம் அதன் வரி 162-ம் சேர்ந்து 1,062. ஒயிட் சிமென்டில் கூடுதலாக வாங்கிய பத்து சதவீதம் 840. இரண்டும் சேர்ந்தால் 1,902, பைசா மிச்சமில்லை. கண்டுபிடித்த தவறுகள் மொத்த வித்தியாசத்தை முழுதாக விளக்குகின்றனவா என்று இப்படிப் பார்ப்பதை நான் விடுவதில்லை. இரண்டு ரூபாய் விளக்கமில்லாமல் நின்றாலும் இன்னொரு தவறு எங்கோ ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம்.

போன் செய்தேன். அவர்கள் கடையில் பில் போடும் பையன்தான் எடுத்தான்.

"தம்பி, 26-ஆம் தேதி பில்லு, நாலாவது ஐட்டம் ஒயர் காயில். பன்னிரண்டு காயிலுக்கு 23,280 போட்டிருக்கீங்க. பெருக்கிப் பாருங்க."

சற்று நேரம் கீ போர்டு சத்தம். "ஆமாண்ணே. 22,380 தான் வருது. முதல்ல பத்து காயில்னு சொன்னாங்க, அப்புறம் பன்னிரண்டாக்கினாங்க. அந்தக் கட்டத்துல ஃபார்முலா போயிருக்கு, கையாலதான் அடிச்சிருக்கேன்."

"ஒயிட் சிமென்ட்டுக்கு 28 இருக்கே?"

"அய்யோ, பெரிய சிமென்ட்டுக்கு எல்லாம் மாத்திட்டோம்ணே. ஒயிட் சிமென்ட் பெயின்ட் லிஸ்ட்ல கெடக்கு, அதைப் பார்க்கல. வேற எத்தனை பில்லு போயிருக்கோ!"

எனக்குக் கவலையாக இருந்தது அந்தக் கடைசி வாக்கியம்தான். வரி கூடுதலாக வாங்கிவிட்டால் அது சும்மா போகாது. வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கிய தொகையை அரசுக்குக் கட்டியே ஆக வேண்டும் என்கிறது சட்டம். திருத்த வேண்டுமென்றால் கிரெடிட் நோட் போட வேண்டும். 22-ஆம் தேதிக்குப் பிறகு போட்ட ஒயிட் சிமென்ட் பில் எல்லாவற்றையும் இன்றைக்கே எடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

எங்கள் பில்லுக்கும் கிரெடிட் நோட்தான் கேட்டேன். அவர்களோ, இன்னும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்யவில்லை, பில்லையே திருத்தி அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அன்று மாலையே வாட்ஸ்அப்பில் திருத்திய பில் வந்தது. 51,872. எண்ணும் தேதியும் பழையதே. இங்கேதான் மூன்றாவது சோதனை வேலை செய்தது.

பில் எண் இரட்டிப்பைப் பார்ப்பதற்கு என்னிடம் இருந்த காரணம் வேறு, அதைவிட வலி மிகுந்தது. அதற்கு முந்தைய வருடம் ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போயிருந்தது. சரக்கோடு லாரி டிரைவர் கொடுத்த காகிதத்தை ஒருவர் `SE/0417/24-25` என்று ஏற்றினார். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் வந்த அதே பில்லை இன்னொருவர் `se/417` என்று ஏற்றினார். டேலிக்கு அவை இரண்டு பில். வருட முடிவில் லெட்ஜர் ஒப்பிடும்போதுதான் தெரிந்தது. பணம் திரும்பி வந்தது, ஆனால் ஏழு மாதம் அவர்களிடம் கிடந்தது.

எது இரட்டிப்பு என்பதற்குச் சட்டமே நல்ல வரையறை தருகிறது. சிஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண் பதினாறு எழுத்துக்குள், ஒரு நிதியாண்டுக்குள் தனித்தன்மையோடு இருக்க வேண்டும். எண்ணை மட்டும் பார்த்தால் போதாது. 417 என்ற எண் எங்களுக்குச் சரக்கு தரும் பலரிடமும் இருக்கும். ஒரே சப்ளையரிடமே ஏப்ரலில் எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஆகவே சப்ளையரின் ஜிஎஸ்டிஐஎன், நிதியாண்டு, பில் எண் மூன்றும் சேர்ந்ததுதான் அடையாளம்:

```python
def fy(d):
    return d.year if d.month >= 4 else d.year - 1

def key(inv):
    no = inv.number.upper().replace(" ", "")
    return (inv.gstin, fy(inv.date), no)
```

சாய்கோட்டையும் சிறுகோட்டையும் கூட நீக்கிவிடலாமே என்று முதலில் நீக்கினேன். அப்போது `1/123`-ம் `11/23`-ம் ஒன்றாகிவிட்டன. ஒருவர் கிளை எண்ணை முன்னால் போட்டு இப்படி எழுதுவார், இரண்டும் வேறு வேறு பில். அதனால் கோடுகளை விட்டுவிட்டேன். எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவது, இடைவெளியை எடுப்பது, இவ்வளவு மட்டும்.

அப்படியானால் `SE/0417/24-25`-ம் `se/417`-ம் இன்னும் தப்பிவிடுமே? தப்பும். அதைப் பிடிக்க எண்ணையே பார்க்காத இரண்டாவது அடையாளம் ஒன்று வைத்தேன்: அதே ஜிஎஸ்டிஐஎன், அதே பில் தேதி, அதே பில் மொத்தம். மூன்றும் ஒத்துப்போனால் எண் வேறாக இருந்தாலும் 'பார்க்க' என்று சொல்லும், 'தவறு' என்று சொல்லாது. ஒரே நாளில் ஒரே அளவு சிமென்ட் இரண்டு லோடு இறங்கினால் இரண்டு உண்மையான பில் அதே தொகைக்கு வரத்தான் செய்யும். அப்போது பில்லில் உள்ள வண்டி எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஒப்பிடுவது அந்த மாதத்து பில்களோடு மட்டும் இருக்கக் கூடாது, நிதியாண்டின் தொடக்கம் வரை போக வேண்டும். எங்கள் பழைய இரட்டிப்பு இரண்டு வாரத்தில் நடந்தது, ஆனால் ஸ்டேட்மென்ட் ஒப்பிடும்போது 'இந்த பில் வரலையே' என்று ஆறு மாதத்துக்கு முந்தைய பில்லை மறுபடி அனுப்புகிறவர்களும் உண்டு.

திருத்திய மதுரை பில்லை ஓட்டியதும் முதல் இரண்டு சோதனைகளும் எதுவும் சொல்லவில்லை. மூன்றாவது சொன்னது: 'பில் எண் ஏற்கனவே உள்ளது. முன்பு 53774.00, இப்போது 51872.00.' பழைய தொகையையும் சேர்த்துக் காட்டும்படி எழுதியது நல்லதாகப் போயிற்று. ஒரே எண், ஒரே தொகை என்றால் அதே காகிதம் இரண்டாவது தடவை வந்திருக்கிறது, கிழித்துப் போடலாம். ஒரே எண், வேறு தொகை என்றால் கதை வேறு. எதை வைத்துக்கொள்வது என்று யாராவது முடிவு செய்தாக வேண்டும். பழையதை நான் சோதனைக்கான தாளில் மட்டும்தான் ஏற்றியிருந்தேன், டேலிக்குப் போகவில்லை. தாளில் அதை 'ரத்து' என்று குறித்துவிட்டு, காகிதத்தின் குறுக்கே சிவப்பு மையில் கோடு போட்டு, திருத்திய பில்லோடு சேர்த்துப் பின் அடித்தேன். அழிக்கவில்லை. பின்னால் யாராவது இரண்டாவது பிரதியைக் கொண்டுவந்தால் எதிரில் காட்ட வேண்டும்.

அத்தோடு முடியவில்லை. நம்மிடம் திருத்திய பில்லை அனுப்பிவிட்டு, தாக்கல் செய்யும்போது பழைய எண்களையே அவர்கள் ஏற்றிவிட்டால் என்ன செய்வது? நமக்குக் கிடைக்கும் உள்ளீட்டு வரி ஜிஎஸ்டிஆர்-2பி-யில் என்ன வருகிறதோ அதைப் பொறுத்தது. அதனால் திருத்தம் கேட்ட பில்களை மட்டும் ஒரு தனித் தாளில் எழுதி வைத்தேன்: எண், பழைய தொகை, புதிய தொகை, 2பி-யில் வந்தது. அக்டோபரில் 2பி வந்ததும் முதலில் தேடியது இந்த பில்லைத்தான். வரிக்கு முந்தைய தொகை 43,959.20, சிஜிஎஸ்டி 3,956.33, எஸ்ஜிஎஸ்டி 3,956.33. கடைசிக் கட்டத்தில் டிக் போட்டு, அதற்குப் பிறகுதான் 51,872-க்கு பேமென்ட் போடச் சொன்னேன்.